மஞ்சள் கட்டம்

“பேங்க்லதான் பணம் இருக்கே” என்று யாராவது சொன்னால் கணக்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைய நிர்வாகக் குழுக் கூட்டம் தொடங்குவதற்குள் அதையே தலைவர் மூன்றாம் முறையாகச் சொல்லிவிட்டார்.

நடக்க முடியாத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் சிறிய மையம் அது. பயிற்சிப் பாய்களைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டு, அதே கூடத்தில் மாதாமாதம் குழு கூடும். தலைவர் டைல்ஸ் வியாபாரி. கணக்கைப் புரொஜெக்டரில் சுவரில் காட்டினால் கடைசி வரியை மட்டும் படிப்பார். மேலே உள்ளதெல்லாம் கணக்கம்மா பொழுதுபோகாமல் அடித்தது என்று அவர் நினைப்பு.

மேலேதான் விஷயமே இருந்தது. பிள்ளைகளைச் சக்கர நாற்காலியோடு தூக்கி ஏற்றும் வண்டி வாங்க, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் பெரும் தொகை கொடுத்திருந்தார். வண்டிக்கு மட்டும், வேறு எதற்கும் கூடாது என்று கடிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். நிபந்தனையோடு வந்த பணம். கணக்கம்மா அதற்குத் தனிக் கட்டம் போட்டு மஞ்சள் பூசியிருந்தாள். நிபந்தனை இல்லாமல் வரும் பொது நிதி வெள்ளைக் கட்டம். சம்பளம், வாடகை, மின்சாரம் எல்லாம் அதிலிருந்து. இரண்டுக்கும் வங்கியில் ஒரே நடப்புக் கணக்குதான் என்பதால் இந்த நிறங்களை விட்டால் வேறு வேலி கிடையாது.

அந்த வேலியைத்தான் தாண்டிவிட்டார்கள். அக்காவின் பிரசவத்துக்காக அவள் விடுப்பில் போயிருந்தபோது, வெள்ளைக் கட்டம் காலியாகிவிட, டைரக்டரம்மா வங்கி இருப்பைப் பார்த்து நிம்மதியாக எல்லாருக்கும் சம்பளம் போட்டுவிட்டார். நல்ல மனுஷி. பிள்ளைகளின் காலைப் பிடித்து நடக்க வைப்பதில் அவருக்கு நிகர் இல்லை. ஆனால் கணக்கென்றால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான்.

“சம்பளம் போடாம இருக்க முடியுமா? அதுங்களும் குடும்பம் நடத்தணும்ல” என்று காலையில் கணக்கம்மாவிடம் கெஞ்சினார். “நீ ரெண்டு கட்டத்தையும் ஒண்ணாக் கூட்டிப் போட்டுடு. வெள்ளையில மைனஸப் பாத்தா கமிட்டி கத்தும்.”

“கத்தட்டும் மேடம். கூட்டிப் போட்டா மைனஸ் காணாமப் போகாது, நம்ம கண்ணுக்குத்தான் தெரியாது.”

“கொஞ்ச நாள்தானே? பணம் வந்ததும் திருப்பி வச்சுடலாம்.”

“எங்கேர்ந்து வரும் மேடம்?” கணக்கம்மா கூட்டிப் போடவில்லை. இப்போது சுவரில் வெள்ளைக் கட்டத்துக்குக் கீழே அந்த மைனஸ் சிவப்பில் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் மட்டும் அதைப் பார்க்கவில்லை.

“மொத்தத்துல நல்லாத்தான் இருக்கோம்” என்றார்.

“மொத்தம் நம்மது இல்ல சார். மஞ்சள் கட்டத்துப் பணத்துலேர்ந்து சம்பளம் போயிருக்கு. வண்டிக்குன்னு எவ்வளவு இருக்கணுமோ, அதைவிடக் குறைச்சலாத்தான் நடப்புக் கணக்குல இருக்கு.”

“சரி, கமிட்டி தீர்மானம் போட்டுடுவோம். வண்டி நிதியிலேர்ந்து தற்காலிகமா எடுத்துக்கிறோம்னு.”

கணக்கம்மாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. “நம்ம தீர்மானம் அதுல செல்லாது. நிபந்தனை போட்டவர்தான் அதைத் தளர்த்தலாம். எடுக்கணும்னா கட்டட நிதிய எடுங்க.”

கட்டட நிதி தலைவரின் செல்லப் பிள்ளை. புதுக் கட்டடம் கட்டி வாசலில் தன் அப்பாவின் பெயரைப் பதிக்க வேண்டும் என்று, வந்த பொது நன்கொடைகளிலிருந்து வருஷா வருஷம் கொஞ்சம் ஒதுக்கி, தனிக் கட்டத்தில் காட்டி, வங்கியில் வைப்புநிதியாகப் போட வைத்திருந்தார்.

“கட்டட நிதியில யாரும் கை வைக்கக் கூடாது” என்றார் தலைவர். “அது ஒதுக்கின பணம்.”

“ஒதுக்கினது யாரு சார்? நாமதான். எந்த நன்கொடையாளரும் கட்டடத்துக்குன்னு கொடுக்கல. நாம போட்ட பூட்டு, நாமளே திறக்கலாம். அது இன்னமும் பொது நிதிதான். வண்டிப் பணத்தோட பூட்டுக்குச் சாவி நம்மகிட்ட இல்ல.”

இதையே அவள் போன வருஷமும் சொன்னாள், அதற்கு முந்தின வருஷமும் சொன்னாள். திறக்கக் கூடாததைத் திறந்துவிட்டு, திறக்க வேண்டியதற்குக் காவல் நிற்கும் இந்த மனிதர்களோடு எத்தனை நாள்தான் மல்லுக்கட்டுவது என்று அவளுக்கு அலுப்பாக வந்தது.

“வைப்புநிதிய உடைச்சா வட்டி போயிடும்மா” என்றார் தலைவர், ஏதோ அவள் வட்டியைத் தின்றுவிட்டது போல.

அப்போதுதான் வண்டிக்குப் பணம் கொடுத்த டிரைவர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். வண்டி விற்பவரின் விலைப்பட்டியல் கையில் இருந்தது. இந்த வாரம் முன்பணம் கட்டினால்தான் இந்த விலைக்குக் கொடுப்பார்களாம்.

“உக்காருங்க ஐயா. உங்க பணம் பத்திரமா பேங்க்ல இருக்கு” என்றார் தலைவர்.

டிரைவர் உட்காரவில்லை. சுவரைப் பார்த்தார். “அந்த மஞ்சள்தானே நான் கொடுத்தது? பக்கத்துல ஏன் சிவப்பா இருக்கு?”

டைரக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். கணக்கம்மாதான் சொன்னாள். சம்பளத்துக்குப் பணம் இல்லாமல் வண்டிப் பணத்திலிருந்து எடுத்துவிட்டோம் என்று, பூசி மெழுகாமல். சொல்லும்போது, பணத்தை எடுத்தவளே தான்தான் என்பது போல அவளுக்கு முகம் சுட்டது.

தலைவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். “ஐயாவே வந்துட்டீங்க. சம்பளத்துக்கு எடுத்துக்கலாம்னு நாலு வரி எழுதிக் கொடுத்துட்டா எல்லாம் முறைப்படி ஆயிடும். இல்லையாம்மா?”

முறைப்படி அது சரிதான். அதனால்தான் கணக்கம்மாவுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

டிரைவர் விலைப்பட்டியலை நாலாக மடித்தார். “முன்னாடியே கேட்டிருந்தா கொடுத்திருப்பேன் சார். சம்பளமும் நல்ல காரியந்தான். எடுத்துட்டுக் கேக்கறீங்க” என்றார். “நான் வாழ்நாள் பூரா பஸ் ஓட்டினேன். என் பையனால என் பஸ்ல ஏற முடியல. முதுகுல தூக்கிட்டு வந்து ஏத்துவா அவன் அம்மா. பின்னாடி இருக்கிறவங்க சீக்கிரம் சீக்கிரம்னு சத்தம் போடுவாங்க. நான் ஸ்டியரிங்கப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பேன். அவனும் போயிட்டான், அவளும் போயிட்டா. நான் எழுதித் தர மாட்டேன்.”

தலைவர், யாரையும் பார்க்காமல், கட்டட நிதி வைப்பை முடித்து நடப்புக் கணக்கில் சேர்க்கத் தீர்மானம் எழுதச் சொன்னார். கணக்கம்மா எழுதினாள். தலைவர் பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டதில் காகிதமே கிழிந்திருக்கும். கட்டட நிதியின் கட்டத்திலிருந்து தொகை இறங்கி, வெள்ளையில் இருந்த சிவப்பு மறைந்தது. நாளை வைப்பை உடைத்ததும் மஞ்சளுக்கு ஈடான பணம் வங்கியிலும் இருக்கும்.

“முன்பணம் நாளைக்கே கட்டிடலாம் ஐயா” என்றாள் கணக்கம்மா. அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. அடுத்த மாதச் சம்பளத்துக்கு வெள்ளையில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. இவர்கள் மறுபடி கடைசி வரியைத்தான் படிப்பார்கள்.

அதை டிரைவரும் புரிந்துகொண்டிருக்க வேண்டும். போகக் கிளம்பியவர் நின்றார்.

“வண்டியில பேரு கீரு எதுவும் எழுத வேணாம்மா. இந்த மஞ்சள் கட்டத்துக்கு மேல ‘வண்டி நிதி’ன்னு போட்டிருக்கீங்கல்ல, அத எடுத்துட்டு என் பையன் பேரப் போடுங்க. பணம்னா கை வச்சுடறாங்க. பேருன்னா கொஞ்சம் யோசிப்பாங்க.”

அவர் பெயரைச் சொன்னார். கணக்கம்மா ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு அடித்தாள். அது சுவரில் ஏறி நின்றபோது, தலைவர் முதல் முறையாக மேல் வரியைப் படித்தார்.