மேல்பட்டையின் பச்சை

என் மனைவி சுப்புலக்ஷ்மி மயிலாப்பூர் வீட்டில் இருந்தபடியே லேப்டாப்பில் வீணை கற்பித்தவள். அவள் காரியங்கள் முடிந்த அன்று, உறவினர் கூடியிருக்கையில் யாரோ அந்த லேப்டாப்பைத் திறந்தார்கள். திரை முழுக்க நான். என் பணி ஓய்வு விழாவில் போர்த்திய பச்சைச் சால்வையோடு நிற்கும் படம்.

பெரியப்பா மகன் கோதண்டபாணி சிரித்தான். "என்னடா சுப்பராமா, சினிமாக்காரனாட்டம் போஸ் குடுத்துண்டு நிக்கறே?"

கணவன் படத்தை நாலு பேர் பார்க்க வைத்துக்கொள்வது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. எல்லாரும் கிளம்பியதும் அதை எடுத்துவிட்டுக் கோபுரமும் வானமுமாக ஒரு படம் வைத்தேன். மரியாதையாக இருந்தது.

சில நாள் கழித்து, அவள் பதிவுசெய்து வைத்த பாடங்களைக் கேட்க, அவை இருந்த ஃபோல்டரைத் திறந்தேன். திரையில் விரிந்த அந்த ஜன்னலின் மேல்பட்டை நீலமாக இருந்தது. அவள் இருந்தவரை அது பச்சை. கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் அவள் தோளுக்கு மேலாக அந்தப் பச்சை தெரியும். அவளே தேர்ந்தெடுத்த நிறம் என்று நினைத்திருந்தேன். அதையும் தொலைத்துவிட்டேனே என்றிருந்தது.

செட்டிங்ஸில் பர்சனலைசேஷன், அதில் கலர்ஸ். கட்டம் கட்டமாக இருந்த பச்சைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். பட்டை பச்சையாயிற்று, ஆனால் அவளுடைய பச்சை இல்லை. பிள்ளையிடம் கேட்டால் அப்பா தனியாகத் திண்டாடுகிறார் என்று நினைப்பான். கேட்கவில்லை.

கடைசியில் அவளுக்கு லேப்டாப் பழுதுபார்த்துக் கொடுத்த சாந்தோம் லாரன்ஸுக்குப் போன் செய்தேன். பின்னணிப் படத்திலிருந்து நிறத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் டிக் முதலில் இருந்ததா என்று கேட்டான். இருந்தது, நான் வேறு நிறத்தை அழுத்தியதும் போய்விட்டது என்றேன்.

"அம்மா கலர் எதும் வெக்கல சார். படத்துலேர்ந்து அதுவா எடுத்துக்கும். முன்னாடி இன்னா படம் இருந்துது?"

"ஏதோ பழைய படம்" என்றேன்.

"அதயே திரும்ப வெச்சு டிக் போடுங்க. வந்துடும்."

பேக்கிரவுண்டு பக்கத்தில், முன்பு வைத்த படங்களின் வரிசையில் என் முகம் சிறிதாக இருந்தது. அழுத்தினேன். டிக் போட்டேன். பட்டை அவளுடைய பச்சைக்குத் திரும்பியது. என் சால்வையின் பச்சை. நாற்பத்திரண்டு வருஷ வாழ்க்கையில் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும்தான்.

என் முகத்தை நானே பார்த்துக்கொண்டிருக்கக் கூச்சமாக இருந்தது. ஃபோல்டரைத் திரை நிறைய விரித்தேன். படம் மறைந்தது, பச்சைப் பட்டை மட்டும் மேலே நின்றது. ஆனால் அடியில் டாஸ்க்பார் வழியே படத்தின் கீழ்ப்பகுதி மங்கலாகத் தெரிந்தது. அப்படி ஊடுருவித் தெரியவிடும் டிரான்ஸ்பரன்சியை அணைத்தால் அதுவும் போய்விடும். மறுபடி செட்டிங்ஸைத் திறந்து, சுட்டியை அந்த ஸ்விட்சின்மேல் கொண்டுபோனேன்.

இனி இந்தத் திரையை யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? அப்படியே விட்டுவிட்டு, முதல் பாடத்தைப் போட்டேன். சுப்புலக்ஷ்மி யாரோ ஒரு மாணவியின் விரலைத் திருத்திக்கொண்டிருந்தாள்.