காலியாக விட்ட இடம்

ரசாயனக் கிடங்கு விதிகளைத் திருத்துவது நாங்கள் ஐந்து பேர்தான். கிடங்கு முதலாளிகள் இருவர், ஒரு பொறியாளர், எங்கள் துறை இயக்குநர், பிறகு நான். வருஷத்துக்கு ஒரு வரி மாற்றிவிட்டுக் கலைவோம். இந்த வருஷம் எச்சரிக்கைப் பலகையின் எழுத்தைப் பெரிதாக்கினோம். கிடங்கை வீடுகளிலிருந்து தள்ளி வைக்கலாம் என்ற என் பேச்சை வழக்கம்போல யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கூட்டம் முடிந்ததும் இயக்குநரிடம் பொரிந்து தள்ளிவிட்டேன். "இது எப்பத்தான் சார் மாறும்?"

"நாம அஞ்சு பேர் மட்டும் பார்க்கிற வரைக்கும் இது தொழில் விஷயம்மா, இம்மிகூட நகராது. ஊரே திரும்பிப் பார்த்தா உயிர் விஷயமாயிடும். அப்ப நம்ம கையை விட்டு சட்டசபைக்குப் போயிடும். ஒரே வாரத்துல எல்லாம் தலைகீழாயிடும்."

"ஊர் எப்ப திரும்பிப் பார்க்கும்?"

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சட்ட வரைவை நீட்டினார். நான் கேட்டதைவிடக் கடுமையாக இருந்தது. ஊருக்குள் ஒரு கிடங்குகூட இருக்கக் கூடாது. அப்படியே தாக்கல் செய்துவிடலாம். முதல் வரியில் மட்டும் இரண்டு இடங்களைக் காலியாக விட்டிருந்தார்: விபத்து நடந்த தேதி, இறந்தவர்களின் எண்ணிக்கை.