வந்தபடி அச்சிடப்பட்டது

எங்கள் ஆஸ்பத்திரியின் அச்சு அறை அடித்தளத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் சலவை அறை, மறு பக்கம் பழுதான சக்கர நாற்காலிகள். நடுவில் நானும் இரண்டு இயந்திரங்களும். மேலே இருக்கிறவர்கள் அனுப்புகிற படிவங்களை அச்சடித்துக் கொடுப்பது என் வேலை. மேலே இருக்கிறவர்களில் முக்கியமானவர் தகவல் தொடர்பு மேனேஜர். நான் அவருக்கு வைத்த பெயர் நிபுணர். கணினி ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கேட்டால் 'சர்வர்' என்பார், காபி ஏன் ஆறிவிட்டது என்று கேட்டாலும் அதையே சொல்வார்.

சென்ற மாதம் அவருக்கு ஒரு பெரிய யோசனை உதித்தது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் நோயாளிகளுக்குக் கொடுக்கும் அறிவுரைத் தாளை நான்கு மொழிகளில் போட வேண்டும், நான்காவது தமிழ். நல்ல யோசனைதான், எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளரை வைக்கலாம் என்பது அவருக்கு உதிக்கவில்லை. இணையத்தில் ஒரு மொழிபெயர்ப்புப் பக்கத்தைத் திறந்து, ஆங்கிலத்தை அதில் போட்டு, வந்த தமிழை நகலெடுத்து, பக்கம் வடிவமைக்கும் மென்பொருளில் ஒட்டி எனக்கு அனுப்பினார். திறந்து பார்த்தேன். மூன்று மொழிகள் அழகாக இருந்தன. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் வரிசை வரிசையாகக் காலிப் பெட்டிகள்.

நானே மேலே போனேன்.

"சார், தமிழ் வரல. எல்லாம் பெட்டியா இருக்கு."

"இங்கேயும் அப்படித்தான் தெரியுது," என்றார், அது ஒரு பெருமை போல. "அந்த டிரான்ஸ்லேஷன் சைட்ல கோளாறு. காப்பி பண்ணும்போது எழுத்து உடைஞ்சு போச்சு."

"உடையல சார். எழுத்து உள்ளேயே இருக்கு."

அவர் கணினியிலேயே காட்டினேன். பெட்டிகளைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, பிரவுசரில் ஒட்டினேன். முழுத் தமிழும் ஒரு புள்ளி குறையாமல் வந்து நின்றது. வாசித்தும் பார்த்தேன், மொழிபெயர்ப்பு மோசமில்லை. யூனிகோட் என்கிற பொதுமுறையில் ஒவ்வொரு எழுத்துக்கும், அதோடு சேரும் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு, கணினி வைத்திருப்பது அந்த எண்ணைத்தான். அந்த எண்ணுக்கு எந்த வடிவத்தை வரைய வேண்டும் என்று சொல்வது ஃபாண்ட். நம் ஆஸ்பத்திரியின் அலங்கார ஃபாண்டில் தமிழ் வடிவங்களே கிடையாது, அதனால் 'என்னிடம் இல்லை' என்பதற்கு அது பெட்டி போடுகிறது. பிரவுசர் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக, தமிழ் உள்ள வேறொரு ஃபாண்டைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். உங்கள் மென்பொருள் தேடாது, நாம்தான் மாற்ற வேண்டும். இதையெல்லாம் நிதானமாகத்தான் சொன்னேன். குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னேன் என்று பின்னால் அவர் யாரிடமோ குறைப்பட்டாராம். குழந்தையாக இருந்தால் புரிந்திருக்கும்.

"அப்ப தமிழ் ஃபாண்ட் போட்டா போதும்ல? இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்றார்.

"போதும் சார். யூனிகோட் ஃபாண்டா பாத்துப் போடுங்க. இல்லன்னா என்கிட்ட விடுங்க, பத்து நிமிஷ வேலை."

"உங்க வேலை அச்சடிக்கிறது. டிசைன் என் டிபார்ட்மெண்ட்."

சரி மகராசா என்று இறங்கி வந்துவிட்டேன்.

அவருடைய மச்சான் ஒருவர் ஒரு காலத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்தவர். அவரிடமிருந்து ஒரு பழைய ஃபாண்டை வாங்கிப் போட்டிருக்கிறார். யூனிகோட் பரவுவதற்கு முன்னால் இருந்த வகை அது. ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே தமிழ் வடிவங்களைக் குடியேற்றி வைத்திருப்பார்கள். தட்டுவது ஆங்கிலம், தெரிவது தமிழ். யூனிகோட் தமிழின் எண்களில் அதற்கும் ஒன்றுமே இருக்காது. ஆக, தமிழ்ப் பகுதியில் பெட்டிகள் பெட்டிகளாகவே இருந்தன. அதோடு அந்த மகானுபாவர் முழுப் பக்கத்தையும் தேர்ந்தெடுத்து ஃபாண்டை மாற்றியதால், நன்றாக இருந்த ஆங்கிலம் முழுவதும் அர்த்தமில்லாத தமிழாக மாறிவிட்டது. அந்தக் கோப்பையும் பெருந்தன்மையாக எனக்கு அனுப்பினார். சலவை அறைப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அரை மணியில் மூன்றாவது கோப்பு வந்தது. ஆங்கிலம் திரும்பியிருந்தது, பெட்டிகள் அப்படியே. கூடவே போனும் வந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன். அது ஸ்க்ரீன்ல மட்டும்தான் அப்படித் தெரியும், பிரிண்ட்ல சரியா வந்துடும். சேஃப்டிக்கு எல்லாத்தையும் கர்வ்ஸ் ஆக்கிட்டேன். இனி ஃபாண்ட் பிரச்சினையே வராது."

கர்வ்ஸ் ஆக்குவது என்றால் எழுத்தை எழுத்தாக வைக்காமல் வெறும் கோட்டுப் படமாக மாற்றிவிடுவது. நல்ல எழுத்தை அப்படி மாற்றினால் எந்த இயந்திரத்திலும் அதே வடிவில் அச்சாகும், அதற்காகத்தான் செய்வார்கள். இவர் பெட்டிகளை மாற்றியிருக்கிறார். இதுவரை பெட்டிக்குப் பின்னால் எண்களாவது உயிரோடு இருந்தன. இனி நகலெடுத்து ஒட்டவும் அங்கே எதுவும் இல்லை. பெட்டி இப்போது உண்மையிலேயே பெட்டி. ஃபாண்ட் பிரச்சினை வராது என்று அவர் சொன்னது சத்தியம்.

அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முதல் கோப்பு என் கணினியில் இருந்தது, தமிழ் முழுசாக இருந்தது. சொல்லவில்லை. எனக்கு ஆத்திரம். 'உங்க வேலை அச்சடிக்கிறது' என்று சொன்னவர் அல்லவா, அச்சடித்துத் தருகிறேன் என்று நினைத்தேன். முதல் நாளே நர்ஸ்கள் பார்த்துச் சிரிப்பார்கள், பெரிய டாக்டர் வரை போகும், மனிதர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார் என்று யோசித்துப் பார்த்தேன். இனித்தது. "சரிங்க சார்" என்றேன்.

எங்கள் அறையில் ஒரு ரப்பர் முத்திரை உண்டு. 'வந்தபடி அச்சிடப்பட்டது.' மாதிரித் தாளில் அதைக் குத்திக் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்துவிட்டால், தப்பு எதுவானாலும் அனுப்பினவர் தலையில். ஓங்கிக் குத்தினேன். இரண்டாயிரம் பிரதிகள் மேலே போயின.

ஒருவரும் சிரிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் நான் தோற்றேன். நிபுணர் ஒருவர்தான் முட்டாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஒரு கட்டடம் முழுக்க முட்டாள்கள் இருக்க முடியும் என்பது எனக்குத் தோன்றவில்லை. வார்டில் அந்தத் தாளைப் பார்த்தவர்கள், பெட்டி பெட்டியாக இருப்பதால் அது டிக் போடும் படிவம் என்று முடிவு செய்துவிட்டார்கள். தாளோடு ஒரு பேனாவையும் சேர்த்துக் கொடுத்தார்கள். நோயாளிகள் டிக் போட்டார்கள். அடியில் இருந்த கோட்டில் கையெழுத்தும் வாங்கி, 'அறிவுரை பெற்றுப் புரிந்துகொண்டார்' என்று பதிந்து கோப்பில் செருகினார்கள். மூன்று வாரம் இப்படியே ஓடியது. எனக்கு எதுவும் தெரியாது. தாளை அன்றைக்கே குப்பையில் போட்டிருப்பார்கள் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

என் மாமனாருக்குப் பித்தப்பையில் கல். நான்கு மாதமாகக் காத்திருந்து, எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷனுக்குக் கிடைத்த தேதி. வலி வந்தால் சத்தம் போட மாட்டார், குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிடுவார். குழாய்ச் சத்தம் கேட்டால் நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். ஆபரேஷனுக்கு இருந்த நாட்களை நாங்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தோம். அவருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும், ஆனாலும் தன் காகிதங்களை யாரையும் தொட விடமாட்டார், முந்தின நாள் பரிசோதனைக்கும் தனியாகத்தான் போய்வந்தார். "எல்லாம் முடிஞ்சுதும்மா, காலைல ஆறு மணிக்கு வரச் சொல்லிட்டாங்க" என்றார். ஏழு மணிக்குத்தான் வரச் சொல்வார்கள். எனக்கு அது உறைக்கவில்லை.

ஆறு மணிக்குச் சேர்த்தோம். ஏழரைக்கு நர்ஸ் வந்து வழக்கமான கேள்விகளைக் கேட்டாள்.

"ஐயா, கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?"

"அஞ்சு மணிக்கு. ரெண்டு ரொட்டி, ஒரு பால் டீ. நானே போட்டுக்கிட்டேன், பாவம் இவங்க தூங்கட்டும்னு."

நர்ஸ் என்னைப் பார்த்தாள், நான் அவரைப் பார்த்தேன்.

மயக்க மருந்து டாக்டர் வந்தார், இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. வயிற்றில் சாப்பாடு இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் வாந்தி நுரையீரலுக்குப் போய்விடும், இன்றைக்கு முடியாது என்றார். அன்றைய பட்டியலும் நிரம்பியிருந்தது. அடுத்த தேதி பத்து வாரம் கழித்து.

"முன்னாடியே எழுதிக் கொடுத்திருக்கோமே. கையெழுத்தும் போட்டிருக்காரே," என்று நர்ஸ் கோப்பைத் திறந்து தாளை உருவினாள்.

என் தாள். தமிழ்ப் பகுதி முழுவதும், நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகளில், ஒன்று விடாமல் நீல மையில் டிக். கோட்டுக்கு வெளியே போகாமல், பரீட்சை எழுதுகிற அக்கறையோடு போட்டிருந்தார். பெட்டிகளுக்கு நடுவே '6' என்ற எண் மட்டும் தெளிவாக நின்றது. எண்களும் முற்றுப்புள்ளியும் அந்த அலங்கார ஃபாண்டில் உண்டு. அவை மட்டும் பிழைத்துவிட்டன.

"ஆறுன்னு போட்டிருந்துச்சா, நேரத்தைத்தான் சொல்றாங்கன்னு நினைச்சேன்," என்றார் மாமா.

அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். நிபுணரின் கணினியில் நானே வாசித்தது. ஆபரேஷனுக்கு 6 மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. முற்றுப்புள்ளிக்கு முந்திய சொல்லைப் பார்த்தேன். கூடாது, கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் மெய்க்கு ஓர் எண், அதன் மேல் ஏறும் உயிர்க்குறிக்குத் தனியாக ஓர் எண், ஆக ஆறு. ஆறு பெட்டிகள். ஆறிலும் டிக் போட்டிருந்தார்.

என் கணவர் எகிறினார். "எந்த மடையன் இதை அச்சடிச்சான்?"

நர்ஸ் தாளைப் புரட்டிப் பார்த்தாள். நான் நிபுணரின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். நியாயமாகப் பார்த்தால் அவர்தான். கீழே என் கோப்பில் முத்திரையோடு அத்தாட்சியும் இருக்கிறது. யார் வந்து கேட்டாலும் என் மேல் ஒரு சொல் வராது. அந்தப் பெயரை விழுங்கிவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"மாமா," என்றேன். "இதைப் பாத்தா தப்பா அச்சாகியிருக்குன்னு உங்களுக்குத் தோணலையா? யாரையாவது கேட்டிருக்கலாம்ல?"

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கை விலாவுக்குக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது, வலி தொடங்கிவிட்டது என்று தெரிந்தது.

"தோணுச்சும்மா. பக்கத்துல இருந்தவர்கூட ஏதோ தப்பு மாதிரி இருக்குன்னார். நான்தான் சொன்னேன், இதை அச்சடிக்கிறது என் மருமக, தப்பா இருந்தா அவ விட்டிருக்க மாட்டான்னு."

அறையின் மூலையில் இருந்த குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். குழாய்ச் சத்தம் கேட்டது.