கடுங்காப்பி நிறம்

திங்கட்கிழமை விடிந்தபோது சந்தோஷ்குமாரால் கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. முந்தின நாள் தென்னேரி ஏரிக்கரையில் நடந்த நெடுந்தூர ஓட்டத்தில், காலை முதல் பொழுது சாயும்வரை வெயிலென்றும் பாராமல் ஓடியவன் அவன். தொடைகள் வீங்கிக் கல்லாகியிருந்தன. மனைவி சுகாசினி லேசாகத் தொட்டதற்கே அலறினான்.

"ஓடுனா வலிக்கத்தாம்மா செய்யும். அந்த வலி மாத்திரைய எடு" என்றான். ஓடும்போதே மூன்று போட்டிருந்தான்.

தோள் கொடுத்துக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனாள். சிறுநீர் கொஞ்சம்தான் வந்தது. அதுவும் கடுங்காப்பி நிறத்தில்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க."

"சூடு பிடிச்சிக்குது. ரெண்டு இளநீ குடிச்சா சரியாப்பூடும்."

அவள் நம்ப விரும்பினாள். ஓடிப்போய் இளநீர் வாங்கி வந்து கொடுத்தாள். மதியம்வரை சிறுநீர் ஒரு சொட்டும் வரவில்லை. குடித்ததெல்லாம் வாந்தியாகப் போனது. பயந்துபோய், அவனோடு ஓடும் குமரனுக்குப் போன் செய்தாள்.

"இன்னா கலரு அண்ணி?" நிறத்தையும், கொடுத்த வலி மாத்திரையையும் சொன்னாள். குமரன் குரல் மாறிப்போனது. "இனிமே மாத்திரை குடுக்காதீங்க. தசை உடைஞ்சி ரத்தத்துல கலந்துக்கினு இருக்குது, அது கிட்னியக் கெடுத்துடும். டயாலிசிஸ் இருக்குற ஆஸ்பத்திரியாப் பாத்து இப்பவே போங்க!"

பெரிய காஞ்சிபுரத்தில் சாமி புறப்பாடு. தெருவை அடைத்திருந்தார்கள். அவனை ஏற்றி வந்த ஆட்டோ நகரவில்லை. சுகாசினி இறங்கிப்போய்க் காவலரின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "ஆளு போயிடுவாருங்க, வழி விடுங்க!" ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தவர் தடுப்பைத் தானே இழுத்துப் போட்டார்.

மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள், குழாய் விட்டுக் கொஞ்சம் சிறுநீரும் எடுத்தார்கள், நெஞ்சில் கம்பிகளை ஒட்டினார்கள். மருத்துவர் காந்தா அறிக்கையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"ஒண்ணுக்குல வந்தது ரத்தமாம்மா?" என்று கேட்டாள் சுகாசினி.

"ரத்தம் மாதிரி தெரியும். ஆனா அதுல ரத்த அணு எதுவும் இல்ல, தசையில இருந்து வர்ற சாயம். கிட்னி திணறுது. பொட்டாசியமும் ஏறிக்கினே போகுது, இதயத் துடிப்பு எப்ப வேணா தப்பலாம்."

"நான் இளநீ குடுத்தேனே..."

"அதுலயும் பொட்டாசியம் இருக்குது. ஆனா அதுனால வந்ததில்லம்மா இது. கலரு மாறுனதுமே வந்திருக்கணும்."

மருந்து ஏறியது. சலைன் பாட்டில் மாற்றி மாற்றி ஏறியது. கட்டிலின் கீழே தொங்கிய சிறுநீர்ப் பை மட்டும் காலியாகவே கிடந்தது. டயாலிசிஸுக்குக் கையெழுத்துப் போடும்போது அவளுக்குத் தன் பெயரே மறந்துபோனது. உள்ளே கொண்டுபோகையில் அவன் அவள் விரலை விடவில்லை.

"கால் விளங்குமா சுகா?"

காலைப் பற்றி யார் நினைத்தார்கள்? அவன் மூச்சுவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அந்த வாரம் முழுக்க டயாலிசிஸ் நடந்தது. அடுத்த வாரம் ஒரு மத்தியானம் செவிலியர் அவளைக் கூப்பிட்டுப் பையைக் காட்டினார். அடியில் ஒரு விரற்கடை சிறுநீர் தேங்கியிருந்தது.

"வருதாம்மா?" என்றான் கண்ணைத் திறக்காமல்.

"வருதுங்க" என்றாள். கிட்னி முழுசாகத் தேறுமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்று மருத்துவர் காலையில் சொல்லியிருந்தார். அதை அவனிடம் சொல்ல வாய் வராமல், கட்டில் கம்பியில் தலையைச் சாய்த்து அழுதாள்.