வளர்ச்சிக்கு மூன்று மதிப்பெண்

காலையில் முதல் வேலையாக ஒருங்கிணைப்பாளர் எல்லா ஓவிய ஆசிரியர்களுக்கும் ஒரே ஃபைலைக் காட்டினார். போன வருடம் யாரோ ஒரு மாணவன் செய்தது. மேசை மேசையாக அது சுற்றி வந்தது. ஆளுக்கொரு அளவுகோல் தாள், அதில் நாலு வரிசை: கருத்து, கைத்திறன், முயன்று பார்த்தது, வளர்ச்சி. வரிசைக்குப் பத்து, மொத்தம் நாற்பது. யாரும் யாரிடமும் பேசாமல் போட்டுக் கொடுக்க வேண்டும்.

தாள்களை வாங்கிப் பலகையில் எழுதினார். ஒருவர் பதினேழு போட்டிருந்தார், ஒருவர் முப்பத்தாறு. கூடம் கொல்லென்று சிரித்தது. பதினேழு போட்டவள் சிரிக்கவில்லை, முப்பத்தாறு போட்டவளும் சிரிக்கவில்லை. பதினேழு நாத்தனார், முப்பத்தாறு அண்ணி.

இரண்டு பேரும் வெவ்வேறு பள்ளிக்கூடத்தில் ஓவியம் கற்றுக் கொடுத்தார்கள். ஆசிரியர் வட்டாரத்தில் நாத்தனாருக்குக் கத்தரி என்று பெயர், அண்ணிக்குத் தாராளம். இரண்டு பேருக்கும் தங்கள் பட்டப்பெயர் தெரியும். ஒருத்தி பெயர் இன்னொருத்திக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒரு மணி நேரம் அந்த ஒரே ஃபைலை வைத்துப் பேசினார்கள். 'ஓரளவு வளர்ச்சி' என்று தாளில் இருந்த ஓரளவு எவ்வளவு என்பதிலேயே பாதி நேரம் போனது. படம் சுத்தமாக இருந்தால் கைத்திறனா, இல்லை பயத்தில் அழித்து அழித்துப் போட்டதா என்று ஒருவர் கேட்டார். கடைசியில் பதினேழு இருபத்து நாலுக்கு ஏறியது, முப்பத்தாறு முப்பதுக்கு இறங்கியது. இனி எல்லோரும் ஒரே கண்ணால் பார்ப்பீர்கள் என்று ஒருங்கிணைப்பாளர் நம்பிக்கையோடு சொல்லிவிட்டுத் தேநீருக்கு விட்டார்.

தேநீருக்குப் பிறகுதான் உண்மையான வேலை. ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஐந்து ஃபைல்களை அலுவலகமே பொறுக்கி எடுத்திருந்தது. பிள்ளையின் பெயர் மேலும் பள்ளியின் பெயர் மேலும் காகிதம் ஒட்டி எண் போட்டிருந்தார்கள். வகுப்பு ஆசிரியர் என்ன போட்டார் என்பது ஒருங்கிணைப்பாளரின் உறைக்குள் இருந்தது. வேறு பள்ளி ஆசிரியர் அதைத் தெரிந்துகொள்ளாமல் திருத்துவார். நாலு மதிப்பெண் வரை வித்தியாசம் இருக்கலாம். அதற்கு மேல் போனால் மூன்றாவது ஆள் பார்ப்பார், பிறகு திருத்தியவரும் அவரும் பேசி ஒரு முடிவான மதிப்பெண் சொல்வார்கள். அந்த முடிவும் வகுப்பு ஆசிரியர் போட்டதிலிருந்து நாலுக்கு மேல் தள்ளியே நின்றால் அந்த ஃபைல் 'வெளியே' போனதாகக் கணக்கு. ஒரு வகுப்பில் இரண்டு ஃபைல் வெளியே போனால் ஆசிரியர் கை தளர்ச்சி என்று முடிவு செய்து மொத்த வகுப்புக்கும் குறைத்துவிடுவார்கள். நன்றாக வரைந்தவள், வரையாதவன் என்று பார்க்கமாட்டார்கள், எல்லோருக்கும் ஒரே வெட்டு.

தாராளத்தின் வகுப்பில் ஒன்று ஏற்கெனவே வெளியே போயிருந்தது. அதில் அவளுக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்ததுதான், சரி போகட்டும் என்று விட்டுவிட்டாள். இன்னொன்று போனால் முப்பத்திரண்டு பிள்ளைகளின் மார்க்கும் சரியும். அதில் நாலைந்து பேர் ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் பக்கத்து மேசையில் கத்தரி ஒரு ஃபைலைத் திறந்தாள். கறுப்பு அட்டை. ஒவ்வொரு படமும் கறுப்பு அட்டையில், நாலு பக்கமும் ஒரே அளவு விளிம்பு விட்டு, அலுங்காமல் ஒட்டியிருந்தது. அந்த விளிம்பை அளந்தது தாராளம்தான்.

அது தன் தம்பியை மட்டுமே வரையும் பெண்ணின் ஃபைல். வருடம் முழுக்க வேறு எதையும் வரையமாட்டேன் என்றுவிட்டாள். அம்மா வேலைக்குப் போய்விடுவதால் குழந்தை இவள் இடுப்பில்தான் இருக்கும். சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்கும் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு கையால் பிடித்து ஒரு கையால் வரைவாள். தாராளம் அவளுக்கு முப்பத்தைந்து போட்டிருந்தாள்.

ஃபைலை ஒப்படைக்கும் அன்று அந்தப் பெண் படங்களை வரைந்த வரிசையிலேயே அடுக்கிக்கொண்டு வந்தாள். டீச்சர்தான் கலைத்தாள். கடைசியில் வரைந்ததுதான் அருமையாக இருந்தது, அதை முதலில் வைத்தாள். அதற்கடுத்து நல்லது, அதற்கடுத்து சுமார், கடைசியில் கோணல்மாணல் கரிக்கோட்டுப் படங்கள். வரிசை மாறுதே டீச்சர் என்று அந்தப் பெண் இழுத்தாள். எந்தக் கடைக்காரராவது அழுகின தக்காளியை மேலே வைப்பாரா என்று கேட்டு வாயை அடைத்துவிட்டாள் டீச்சர். அப்புறம் உட்கார்ந்து அட்டை வெட்டி ஒட்டினாள். படத்தின் பின்னால் அந்தப் பெண் தேதி எழுதியிருந்தது அட்டைக்குள் போய்விட்டது. அழகாக இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் அது அவள் மண்டையில் ஏறவே இல்லை.

இப்போது ஏறியது.

கத்தரி பக்கம் புரட்டினாள். முதல் படத்தில் புருவம் உயர்ந்தது. நாலாவது படத்தில் புருவம் இறங்கியது. கடைசிப் படத்துக்கு வந்தபோது உதட்டைப் பிதுக்கினாள். வளர்ச்சி வரிசையில் அவள் பேனா ஒரே கோடாக வளைந்து நெளிந்து மூன்று என்று எழுதுவது பக்கத்து மேசையிலிருந்து தெளிவாகத் தெரிந்தது. பார்க்கக் கூடாதுதான். ஆனால் பார்த்துவிட்டாளே.

மொத்தம் இருபத்திரண்டு. ஒருங்கிணைப்பாளர் உறையைப் பிரித்துப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். மூன்றாவது ஆள் வேண்டும் என்றார்.

சொந்த வகுப்பு ஃபைலைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. தாராளம் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போவதுபோல் அந்த மேசைக்குப் பின்னால் போய் நின்றாள்.

"தண்ணி அந்தப் பக்கம் இருக்கு டீச்சர்," என்றார் ஒருங்கிணைப்பாளர், தலை நிமிராமல்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். தன் முன்னால் இருந்த வேறு பள்ளி ஃபைலில் ஒரு பூச்சாடியை வெறித்துக்கொண்டிருந்தாள். தலைகீழாக இருந்தது.

மூன்றாவது ஆளாக வந்தவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமான இளம் வாத்தியார். புது அப்பா என்று கூப்பிடுவார்கள். வீட்டில் கைக்குழந்தை. காலையிலிருந்து மூன்று தடவை உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்திருந்தார். இந்த ஆளிடமா என் பிள்ளைகள் மாட்ட வேண்டும் என்று தாராளத்துக்கு அழுகை வந்தது.

அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே புரட்டினார். பாதியில் நிறுத்தினார். முன்னால் போனார், பின்னால் வந்தார். கொட்டாவி நின்றுவிட்டது.

"என்ன இது, இந்தக் குழந்தை சின்னதாகிக்கிட்டே போகுது?"

"வேற வேற குழந்தையா இருக்கும் சார்," என்றாள் கத்தரி.

"இல்ல டீச்சர், காது மடல பாருங்க, ஒரே காது. முதல் படத்துல நாற்காலியப் பிடிக்காம நிக்கறான். இதுல பிடிச்சுக்கிட்டு நிக்கறான். இங்க தவழறான். கடைசியில கழுத்தே நிக்கல, தலையணை முட்டுக்கொடுத்திருக்கு. எங்க வீட்ல இப்ப தவழ்ற கட்டம் ஓடுது, அதான் தெரியும். எந்தப் பிள்ளையும் நடந்துட்டு அப்புறம் குப்புற விழப் பழகாது."

கூடத்தில் நாலைந்து தலைகள் திரும்பின. ஒருங்கிணைப்பாளர் வந்து குனிந்து பார்த்தார். பின்பக்கம் தேதி எழுதச் சொல்லித்தானே சுற்றறிக்கை அனுப்பினோம், இந்த அட்டையை யார் இவ்வளவு கெட்டியாக ஒட்டியது என்று அலுத்துக்கொண்டார். தாராளம் பூச்சாடியை நேராகத் திருப்பி வைத்தாள்.

அடிமட்டத்தின் முனையை விட்டு நெம்பினார்கள். ஒரு மூலை கிழிந்தது, ஆனாலும் படம் வந்தது. பின்னால் பென்சிலில் தேதி. அடுத்ததையும் பிரித்தார்கள். எல்லாவற்றையும் தேதிப்படி மேசையில் பரப்பியபோது குழந்தை படுத்து, புரண்டு, தவழ்ந்து, பிடித்து நின்று, கடைசியில் கையை விட்டு நின்றான். கோடும் அவனோடு கூடவே எழுந்து நின்றது. நடுங்கிய கரிக்கோடு, பிறகு ஈரத்தாளில் வண்ணத்தை ஓடவிட்டுப் பார்த்தது, அது பிடிக்காமல் விட்டது, அதிலிருந்து கற்றுக்கொண்ட நிழலை மட்டும் கடைசிப் படத்தில் முழங்காலுக்குக் கீழே வைத்தது.

கத்தரி படங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாக மறுபடி பார்த்தாள். பிறகு மூன்றை அடித்துவிட்டு ஒன்பது போட்டாள். முயன்று பார்த்ததற்கு ஒன்று கூட்டினாள், கருத்துக்கு ஒன்று கூட்டினாள். கைத்திறனில் புது அப்பா எட்டு என்றார். விரல்களை எல்லாப் படத்திலும் இந்தப் பிள்ளை மறைத்துவிடுகிறது, வரைய வராததால்தான் மறைக்கிறது, ஏழுக்கு மேல் போட மனசு வராது என்று கத்தரி ஒவ்வொரு படமாக விரலை வைத்துக் காட்டினாள். அவர் யோசித்து, அது சரிதான் என்றார்; கத்தரி முன்பு போட்ட ஆறு ஏழானது. தாராளத்துக்கும் அது சரிதான் என்று பட்டது. வருடம் முழுக்கப் பக்கத்தில் நின்றும் அவள் அதைப் பார்க்கவில்லை.

முப்பத்தொன்று. உறையில் முப்பத்தைந்து. நாலு.

"உள்ளதான்," என்றார் ஒருங்கிணைப்பாளர். "மயிரிழை."

பிறகு எல்லோருக்கும் சேர்த்து ஒரு அறிவிப்பு செய்தார். இனி எந்த ஃபைலையும் அழகுபடுத்த வேண்டாம், வரைந்த வரிசையில் வையுங்கள், தேதி முன்பக்கம் இருக்கட்டும் என்றார். தாராளம் எல்லோரையும்விட வேகமாகக் குறித்துக்கொண்டாள்.

சாயங்காலம் நாத்தனாரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தாள்.

"அந்தக் கறுப்பு அட்டை உங்க கைவேலைன்னு பாத்ததுமே தெரியும் அண்ணி," என்றாள் கத்தரி. "நம்ம வீட்டுக் கல்யாண ஆல்பமும் இப்படித்தானே ஒட்டுனீங்க."

"தெரிஞ்சும் மூணு போட்டியா நீ?"

"தெரிஞ்சதாலதான் பயம். அண்ணியாச்சேன்னு கை தானா ஏறிடுமோன்னு எல்லாத்துலயும் ஒண்ணு கொறச்சேன். மூணு இல்ல, நாலுதான் போட்டிருக்கணும்."

தாராளத்துக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் அடுத்த வேகத்தடையில் குலுங்கிச் சிரிப்பாகிவிட்டது. தானும் ஒன்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"நான் அவ தம்பிய இடுப்புல வச்சுக்கிட்டு வரையறதப் பாத்தவ. அதுக்கும் சேத்துத்தான் போட்டேன்."

"ஃபைலுக்குள்ள இடுப்பு எங்க இருக்கு அண்ணி?"

"இல்லதான்."

"இருந்தா நானும் போட்டிருப்பேன்," என்றாள் நாத்தனார்.

மறுநாள் ஃபைலைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பெண் கிழிந்த மூலையை விரலால் நீவிப் பார்த்தாள். டீச்சர் என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் படங்களை உருவி, படுத்த தம்பியை முதலிலும் நின்ற தம்பியைக் கடைசியிலும் வைத்து அடுக்கிவிட்டாள்.

"நீ வச்சதுதான் சரி," என்றாள் டீச்சர். "அடுத்த படத்துல விரல் எல்லாம் தெரியணும். மறைக்கக் கூடாது."

"அது கஷ்டம் டீச்சர்," என்றாள் அவள். "இப்ப ஓட ஆரம்பிச்சுட்டான். பிடிச்சு வச்சாத்தானே விரல எண்ண முடியும்?"