பார்க்கிறோம் என்றொரு பதில்

அந்த மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் தலைமை மருத்துவருக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். யார் வைத்த பெயரென்று யாருக்கும் நினைவில்லை. அப்படி ஒரு பெயர் இருப்பது அவருக்கும் தெரியும். யார் எதைக் கேட்டாலும் பாதிப் பேச்சிலேயே நறுக்கிவிடுவார். ஒரு நர்ஸ் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போக அரைநாள் விடுப்புக் கேட்டபோது, "முடியாது. நினைத்தால் வரவும் போகவும் இது என்ன சத்திரமா?" என்று விண்ணப்பத்தின் மேலேயே எழுதித் திருப்பி அனுப்பினார். அடுத்த மாதம் அவள் வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டாள். அவள் பின்னாலேயே ஒரு டெக்னீஷியனும் போனான்.

அதற்குப் பிறகுதான் நிர்வாகம் விழித்துக்கொண்டது. அந்தப் பிரிவில் முடிவெடுப்பது மருத்துவர்தான்; ஆனால் பதில் எழுதுவது இனி நிர்வாக அலுவலர் என்று ஏற்பாடாயிற்று.

அலுவலர் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்த பெண். எதிரில் நிற்பவரின் முகம் வாடினால் அவருக்குப் பொறுக்காது. "நீ சரின்னு சொன்னா, அது நிஜ சரியா, இல்ல மனசு நோகக்கூடாதுன்னு சொன்ன சரியான்னு ரெண்டு தடவ கேக்கணும்" என்று அவர் கணவர் வீட்டில் சொல்வதுண்டு. அந்தக் குணத்துக்காகவே நிர்வாகம் அவரைத் தேர்ந்தெடுத்தது.

முதலில் வந்தது ரேடியோவின் விண்ணப்பம். ரேடியோ மூத்த டெக்னீஷியன். ஊசி குத்தும்போதும் குழாய் மாட்டும்போதும் நோயாளியிடம் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பதால் வந்த பெயர். அவனை வளர்த்தது அவனுடைய அக்கா. அக்காவின் மகள் வேறொரு நகரத்தில் படித்துப் பட்டம் வாங்குகிறாள். அந்த விழாவுக்குப் போக வியாழனும் வெள்ளியும் விடுப்புக் கேட்டிருந்தான்.

கத்தரி படித்துவிட்டு நீட்டினார். "முடியாது."

"அப்படியே எழுத முடியாதே, டாக்டர்."

"எப்படி வேணா எழுதுங்க. ஆனா முடியாது. ஒருத்தி பிரசவ லீவுல இருக்கா. புதுசா வந்த பொண்ணு இன்னும் தனியா மெஷின் பாக்கற அளவுக்கு வரல. காலை ஷிஃப்ட்ல எட்டு மெஷின், ஆளுக்கு நாலு. இவன் போனா நாலு மெஷின் சும்மா கிடக்கும்."

அலுவலர் தன் அறைக்கு வந்து நெடுநேரம் உட்கார்ந்து எழுதினார். "தங்கள் குடும்பத்தின் இந்த மகிழ்ச்சியான தருணத்தின் முக்கியத்துவத்தை முழுமையாகப் புரிந்துகொள்கிறோம். தற்போதைய பணியாளர் சூழ்நிலையில் இது சற்றுச் சிரமமாக இருக்கக்கூடும். இருப்பினும் இயன்றவரை பார்க்கிறோம். தங்கள் சேவைக்கு நன்றி." படித்துப் பார்த்தார். எங்கும் முள் இல்லை. அனுப்பிவிட்டார்.

ரேடியோ அதைத் தன் போனில் படித்தான். தேநீர் அறையில் இருந்தவர்களுக்கும் படித்துக் காட்டினான். "கத்தரி மனசு மாறிட்டாரு போல. பாக்கறோம்னு போட்டிருக்காங்க பாரு." யாரும் மறுத்துச் சொல்லவில்லை. முடியாது என்ற பதில் எப்படி இருக்கும் என்று அந்தப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். இது அப்படி இல்லை. மறுபடி யாரும் எதுவும் சொல்லாததால், பார்த்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு அவன் புதன்கிழமை மாலை ரயில் ஏறினான்.

வியாழன் காலை நான்கு இயந்திரங்கள் அணைந்து கிடந்தன. நான்கு நோயாளிகள் பக்கத்து நாற்காலிகளில் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். டிரைவர் அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். உறவினர் வீட்டுக்குப் போயிருந்ததால் முந்தைய முறையைத் தவறவிட்டிருந்தார். உடம்பில் தண்ணீர் ஏறிக் கால் வீங்கியிருந்தது. வந்தபோதே மூச்சு வாங்கியது.

மாலை ஷிஃப்ட் டெக்னீஷியனைப் போனில் கூப்பிட்டார்கள். அவன் வந்துகொண்டிருந்தபோதே டிரைவர் அண்ணனால் சாய்ந்து உட்கார முடியவில்லை. அவர் மனைவி நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, இவரால பேசவே முடியல, பாருங்களேன்." கத்தரி ஓடிவந்தார். ஆக்ஸிஜன் வைத்தார். இருந்த ஒரே டெக்னீஷியனால் நாலு பேருக்கு மேல் பார்க்க முடியாது; அதனால் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்த ஒரு நோயாளியைப் பாதியில் நிறுத்தி இறக்கிவிட்டு, அணைந்து கிடந்த ஓர் இயந்திரத்தில் டிரைவர் அண்ணனைச் சேர்த்தார். மதியத்துக்குள் மூச்சு சீரானது. ஆனாலும் வார்டில் படுக்க வேண்டி வந்தது.

திங்கட்கிழமை ரேடியோ திரும்பினான். கையில் எல்லோருக்குமாக ஒரு இனிப்புப் பெட்டி. அதைத் திறக்கும் முன்பே கத்தரியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். அலுவலரும் அங்கே இருந்தார்.

"யாரைக் கேட்டுப் போனீங்க?"

"லீவு கேட்டிருந்தேனே, சார்."

"நான் முடியாதுன்னு சொன்னேன்."

ரேடியோ போனை எடுத்து மேசையில் வைத்தான். "எங்க சார் சொன்னீங்க?"

கத்தரி படித்தார். மேலிருந்து கீழே ஒருமுறை, பிறகு விரலை வைத்துக்கொண்டு ஒருமுறை. அவர் தேடிய சொல் அதில் இல்லை. நிமிர்ந்து அலுவலரைப் பார்த்தார்.

"இவருக்கு மெமோ குடுக்கக் கூடாது, டாக்டர்," என்றார் அலுவலர். "படிச்சா அப்படித்தான் தோணும். நான் எழுதினது தப்பு."

கத்தரி வியாழக்கிழமை காலை நடந்ததைச் சொன்னார். டிரைவர் அண்ணன் விஷயம் ரேடியோவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் குரல் இறங்கிப் போயிற்று. "மேடம், முடியாதுன்னு போட்டிருந்தா நாலு நாளு உங்களத் திட்டியிருப்பேன். அக்காகிட்ட புலம்பியிருப்பேன். ஆனா டிக்கெட் போட்டிருக்க மாட்டேன்."

"தெரியும்," என்றார் அலுவலர்.

அன்று மாலை அவர் தான் அதுவரை எழுதிய பதில்களை எடுத்துப் பார்த்தார். "ஆவன செய்யப்படும்", "கவனத்தில் கொள்ளப்பட்டது", "இயன்றவரை". எழுதும்போது எல்லாம் மென்மையாகத்தான் தோன்றியிருந்தன. கேட்டவனின் இடத்தில் உட்கார்ந்து படித்தபோது, எதிலும் பதில் இல்லை. தான் மென்மை காட்டியது படிப்பவருக்கு அல்ல, தனக்கே என்று அவருக்குப் பட்டது. அவர்கள் முகம் வாடும்போது பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம் அல்லவா?

அதற்காகக் கத்தரியைப் போல எழுதவும் அவருக்கு மனம் வரவில்லை. அடுத்து வந்த விண்ணப்பத்தில் வேறு விதமாக முயன்றார். தலைமை நர்ஸ், நோய்த்தொற்றுத் தடுப்புப் பதிவுகளை ஒப்படைக்க இன்னும் ஒரு வாரம் கேட்டிருந்தார். ஆய்வுக் குழு வரும் தேதி வெளியிலிருந்து வைத்தது. அதை நகர்த்த முடியாது. கத்தரி வழக்கம்போல "நோ" என்று மட்டும் சொன்னார்.

அலுவலர் எழுதினார்: "சிஸ்டர், பதிவுகளுக்குக் கூடுதல் நாள் தர இயலாது. ஆய்வுக் குழு வரும் தேதி நம் கையில் இல்லை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையே கடைசி. ஆள் குறைவான மாதத்தில் இதைக் கேட்கிறோம் என்பது தெரியும். நாளை முதல் மதியத்தில் அலுவலக உதவியாளர் ஒருவரை உங்களிடம் அனுப்புகிறேன். ஊழியர்களின் தடுப்பூசிப் பதிவுகளை அவர் தொகுக்கட்டும். மற்றவற்றை மட்டும் நீங்கள் பாருங்கள்."

கத்தரியிடம் காட்டினார். அவர் முதல் வரியில் நின்றார். "நான் சொன்னது மொதல் வரியிலயே இருக்கு. அப்புறம் எதுக்கு இவ்வளவு?"

"மொதல் வரி உங்களுக்கு. மிச்சம் அவங்களுக்கு."

தலைமை நர்ஸ் பதிலைப் படித்துவிட்டு நேராக அலுவலர் அறைக்கே வந்தார். "ஒரு வாரம் தந்தா குடியா முழுகிப் போயிடும்?" என்று கத்தினார். முகம் வாடியது மட்டுமல்ல, சிவந்தும் போயிற்று. "பாக்கறேன்" என்ற சொல் அலுவலரின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். "முடியாது சிஸ்டர். உதவிக்கு ஆள் வேணுமா, ரெண்டு பேரா அனுப்பட்டுமா?" நர்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். ஆனால் அன்று மதியமே கோப்புகளைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்.

ரேடியோ இல்லாத அந்தக் காலைக்குப் பிறகு, கத்தரி மாற்று டெக்னீஷியன் ஒருவருக்கான பணியிடமும் அதற்கான நிதியும் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதியிருந்தார். மாதம் ஒன்று கழிந்து பதில் வந்தது. அவர் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, இதுவரை வந்தே இராத அலுவலர் அறைக்கு வந்தார்.

"இதக் கொஞ்சம் படிங்க. ஆமாவா, இல்லையா?"

அதில் இருந்தது: "தங்கள் கோரிக்கையின் நியாயத்தை நிர்வாகம் உணர்ந்துள்ளது. உரிய காலத்தில் பரிசீலிக்கப்படும்."

அலுவலர் படித்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டார். "இல்லன்னுதான் நெனைக்கிறேன். ஆனா நெனைச்சு ஷிஃப்ட் போட முடியாது."

மருத்துவமனை இயக்குநரைப் போனில் அழைத்தார். அவர் சுற்றி வளைத்துப் பேசினார். நல்ல யோசனை என்றார், மனதில் இருக்கிறது என்றார். "சார், இந்த வருஷம் ஆள் உண்டா, இல்லையா? இல்லைன்னாலும் பரவாயில்ல. தெரிஞ்சா நாங்க அதுக்கேத்த மாதிரி செஞ்சுக்குவோம்." மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "இந்த வருஷம் இல்லம்மா. அடுத்த நிதியாண்டுல முதல் வரிசையில வெக்கறேன்." அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டு வாங்கினார்.

கத்தரி அந்த இல்லையைக் கேட்டபோது, அலுவலர் எதிர்பார்த்ததுபோல் கொதிக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "சரி. இல்லைன்னா இல்ல. அப்ப காலையில ஆறு பேருக்கு மேல வேண்டாம். ரெண்டு பேர மத்தியானத்துக்கு மாத்திடுவோம். ஒரு டெக்னீஷியன் வரலைன்னாலும் ரெண்டு பேருக்கு மட்டும் வழி பண்ணாப் போதும்."

மாற்ற வேண்டிய இருவரில் ஒருவர் டிரைவர் அண்ணன். பல வருடமாகக் காலை நேரத்துக்கே வந்து பழகியவர். அவரிடம் சொல்லும் வேலையை அலுவலர் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கத்தரி வேண்டாமென்று தலையாட்டினார். "நான் சொல்றேன். என் பேஷண்ட்."

டிரைவர் அண்ணன் அடுத்த முறை டயாலிசிஸுக்கு வந்தபோது, கத்தரி கட்டில் பக்கத்தில் நின்று, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டார். டிரைவர் அண்ணனின் மனைவி எழுந்து நின்றாள்.

"அண்ணே, அடுத்த வாரத்துலேருந்து உங்களுக்குக் காலை நேரம் கிடையாது." அங்கேயே நிறுத்திவிடுவார் என்றுதான் பக்கத்திலிருந்த ரேடியோ நினைத்தான். கத்தரி தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தார். "ஆள் பத்தல. போன தடவ நீங்க பட்ட பாடு இன்னொரு தடவ வரக்கூடாது. மத்தியானம் ரெண்டு மணிக்கு உங்களுக்குன்னு ஒரு மெஷின். அது மாறாது. உங்களுக்குச் சிரமந்தான், தெரியுது."

டிரைவர் அண்ணன் யோசித்தார். "மறுபடி காலையில கிடைக்குமா, டாக்டர்?"

"இந்த வருஷம் கிடைக்காது."

"இத்தன நாளா காலை வண்டி ஓட்டியாச்சு. இனிமே மத்தியான வண்டி," என்றார் அவர் மனைவியிடம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மத்தியானம் அவள் ஒரு கடையில் வேலை பார்க்கிறாள். அதை அவள் அப்போதே சொன்னாள். யார் கூட்டிவந்து விடுவது என்று ரேடியோவும் அவளும் கட்டிலருகே நின்றபடியே பேசத் தொடங்கினார்கள். கத்தரி கைகளைப் பையிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.