எட்டாவது தட்டு

நான் நல்லவள் என்று சொல்லிக்கொள்ளப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மெத்தைக் கடைக்கு ஒரு விளம்பரப் பாட்டு. பத்தே வினாடி. தாளத்தில் பதினாறு தட்டு, வரிக்கு நாலாக நாலு வரி, தட்டுக்கு ஒரு சொல். முதலில் நான் எழுதியது இது:

பஞ்சு மெத்தை பாத்து வாங்கு
படுத்தா போதும் தூக்கம்
பாலம் தாண்டி மூணாங் கடை
நிம்மதி நிம்மதி மெத்தைக் கடை

இரண்டாவது வரியில் மூன்று சொல்தான். எட்டாவது தட்டு காலி. பாடுகிறவள் மூச்சு விட வேண்டாமா?

பாட வேண்டியவள் என் அக்கா. நுரையீரலில் சளி கட்டி எட்டு மாதம் படுத்துக் கிடந்தவள். இது சரியாக வந்தால் ஸ்டுடியோக்காரர் மறுபடி கூப்பிடுவார், இல்லாவிட்டால் அவளை மறந்துவிடுவார். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் மகளும் பாடுவாள். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும், "பெரியம்மா குரல் வருமா?" என்றுதான் கேட்பார்கள். சின்ன வயதில் என்னிடமும் அக்காவைச் சொல்லி அதையேதான் கேட்டார்கள். வயிறு எரியாதா?

ரெக்கார்டிங் அன்று காலையில் 'தூக்கம்' பக்கத்தில் 'வருமே' என்று எழுதினேன். எட்டாவது தட்டு அடைபட்டுப்போனது.

அக்கா தாளைப் பார்த்தாள். "ஏண்டி, மூச்சு எங்க விடறது?"

"கடைக்காரர் கேட்டாருக்கா. நீ பாடாததா?" என்றேன். உண்மையில் கடைக்காரர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மூன்று தடவை பாடினாள். மூன்று தடவையும் 'பாலம்' வரும்போது குரல் கம்மி, இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடைக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தேவிட்டார்.

"வரி வரியா எடுத்து ஒட்டிக்கலாம்மா," என்றார் ஸ்டுடியோக்காரர், பாவப்பட்டு.

"ஒட்டினா உயிரே இருக்காதுங்க," என்றேன் நான். "வெளியில என் பொண்ணு இருக்கா. ஒரு தடவை பாடச் சொல்லிப் பாருங்களேன்."

அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றி, அதன் வயரை ஒழுங்காகச் சுருட்டி வைத்துவிட்டு வெளியே வந்தாள். "நல்லா பாடுடா கண்ணு," என்று என் மகளின் கன்னத்தைத் தட்டினாள். மகள் உள்ளே போனதும் அவள் கையிலிருந்த தாளில் 'வருமே'யை அடித்துவிட்டேன். என் பிள்ளைக்கு மூச்சு வாங்கக் கூடாதே.

அடுத்த வாரம் விளம்பரம் லோக்கல் சேனலில் வந்தது. அக்கா வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். அவள் நாற்காலிக் கையில் விரலால் தட்டிக்கொண்டே கேட்டாள். எட்டாவது தட்டில் விரல் நின்றது.

"இங்க மூச்சு விடறாளே," என்றாள்.

நான் அவள் தந்த காபி டம்ளரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

"அவளுக்கு விட்டியே, எனக்கு ஏண்டி விடல?"

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

அந்த விளம்பரம் கால் மணிக்கு ஒரு தடவை வரும். நான் எழுந்து பையை எடுத்தேன்.

"உக்காரு," என்றாள் அக்கா. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.